ஐந்திணையும் உரிப்பொருளும்: பொருத்துக வினாவில் தவறு நேரும் இடங்கள்

கேள்வி: ஐந்திணைக்கும் உரிய நிலம், பொழுது, உரிப்பொருள் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தேர்வில் வரிசையை மாற்றிப் பொருத்தச் சொன்னாலும், பாடலடியைக் கொடுத்துத் திணை கேட்டாலும் தவறிவிடுகிறது. முல்லை, பாலை, நெய்தல் மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

உரிப்பொருளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நிலமும் பூவும் விலங்கும் அந்த முடிவுக்குத் துணை நிற்கும் சான்றுகள். தொல்காப்பியர் அகத்திணையியலின் தொடக்கத்திலேயே ‘முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே, நுவலுங் காலை முறை சிறந்தனவே’ என்கிறார். ‘முறை சிறந்தன’ என்பதற்கு, முதற்பொருளைவிடக் கருப்பொருளும் கருப்பொருளைவிட உரிப்பொருளும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். மனப்பாட அட்டவணையில் நிலம் முதலிலும் உரிப்பொருள் கடைசியிலும் இருப்பதால், மாணவர் கண் முதலில் நிலத்தைத் தேடுகிறது. பாடலோ உரிப்பொருளை நடுவில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் தடுமாற்றத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலில், நேரடியாகப் பொருத்தும் வினாவைப் பார்த்துவிடலாம். உரிப்பொருள்களைத் தொல்காப்பியர் சொல்லும் நூற்பா இது: ‘புணர்தல் பிரிதல் இருத்தல் இரங்கல் ஊடல் அவற்றின் நிமித்தம் என்றிவை தேருங் காலைத் திணைக்கு உரிப்பொருளே.’ நிலங்களைச் சொல்லும் நூற்பாவில் அவர் கொண்ட வரிசை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்பது. இவ்விரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துவன அல்ல. எந்தத் திணைக்கு எந்த உரிப்பொருள் என்று நூற்பா தனித்தனியே பிரித்துச் சொல்லவுமில்லை; அந்தப் பொருத்தத்தை உரைகளின் வழியாகவே பெறுகிறோம். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல் என்பதே அந்தப் பொருத்தம்.

இதில் ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. நம்பியகப்பொருள் ஐந்திணைகளைக் குறிஞ்சி, பாலை, முல்லை, மருதம், நெய்தல் என்ற வரிசையில் வைக்கிறது; பாடநூல் பட்டியல்கள் பலவற்றிலும் நாம் பயின்ற வரிசை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பது. நம்பியகப்பொருளின் திணை வரிசையையும் மேற்காட்டிய உரிப்பொருள் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் மூன்றும் சரியாகப் பொருந்திவிடும்: குறிஞ்சி–புணர்தல், பாலை–பிரிதல், முல்லை–இருத்தல். நான்காவதிலும் ஐந்தாவதிலும் மட்டும் மருதத்துக்கு எதிரே இரங்கலும் நெய்தலுக்கு எதிரே ஊடலும் வந்து நிற்கும். முதல் மூன்று பொருந்திய நம்பிக்கையில் மாணவர் கடைசி இரண்டையும் அப்படியே எழுதிவிடுகிறார். மருதமும் நெய்தலும் இடம் மாறிய விடைகள் எழுத்துத் தேர்வுகளில் அடிக்கடி தென்படுவதற்கு இதுவே காரணம் என்பது விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் நான் கண்டது. ஆகவே வரிசையாகப் படிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் இணையையும் அதன் காரணத்தோடு படியுங்கள். வயலும் வளமும் உள்ள மருத நிலத்தில் தலைவன் பரத்தையிடம் செல்கிறான். விடியலில் அவன் வீடு திரும்பும்போது கதவருகே ஊடல் பிறக்கிறது. நெய்தலில் எற்பாட்டுப் பொழுது. கதிர் சாய்கிறது, கடல் ஓயாமல் ஒலிக்கிறது, அவன் வரவில்லை, அவள் இரங்குகிறாள். வைகறைக்கும் விடியலுக்கும் ஊடல் ஏன் பொருந்துகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், மருதத்துக்கு எதிரே இரங்கலை எழுதக் கை வராது.

அடுத்து, பலரும் படிக்காமல் கடந்துபோகும் சொல் ‘நிமித்தம்’. உரிப்பொருள் ஐந்தோடு அவற்றின் நிமித்தங்கள் ஐந்தையும் சேர்த்துப் பத்து என்று நம்பியகப்பொருள் எண்ணிக் காட்டுகிறது. நிமித்தம் என்பது அந்த ஒழுக்கத்துக்குக் காரணமாக வருவதும் அதைச் சூழ்ந்து நிகழ்வதும் ஆகும். தலைவனும் தலைவியும் கூடுவதை நேரே பாடும் பாடல்கள் மிகச் சில. கூட்டத்துக்காக இரவில் காத்திருத்தல், தோழி தூது பேசுதல், களவை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றல் எல்லாம் புணர்தல் நிமித்தமாகக் குறிஞ்சியில் அடங்குகின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் நடத்துவது தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பதையே. ‘இதில் புணர்தல் எங்கே?’ என்று தேடிக் கிடைக்காமல் திணையை மாற்றி எழுதுபவர் நிமித்தத்தை மறந்தவர்.

இனிப் பாடலடி கொடுத்துக் கேட்கும் வினாவுக்கு வருகிறேன். வகுப்பில் நான் கொடுத்துப் பழக்கும் வினா ஒன்றை இங்கே முழுமையாகச் செய்து காட்டுகிறேன். நான்கு அடிகளும் குறுந்தொகையிலிருந்து எடுத்தவை.

அ. யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே
ஆ. அழாஅல் தோழி அழுங்குவர் செலவே
இ. ஆனா நோயொடு கானல் அஃதே
ஈ. பழன வாளை கதூஉம் ஊரன்

பொருத்த வேண்டியவை: 1. ஊடல் நிமித்தம் 2. பிரிதல் நிமித்தம் 3. இரங்கல் 4. இருத்தல்.

முதலாவது 21ஆம் பாடல். கொன்றை பூத்துவிட்டது. பொன் அணிகளைச் சூடிய மகளிரின் கூந்தல்போலக் கானம் முழுவதும் மஞ்சளாக இருக்கிறது. கார்காலம் வந்துவிட்டது என்று அந்தக் காடே சொல்கிறது. அவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இதுவே. ஆனால் தலைவி, ‘காடு கார் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர்’ என்கிறாள். அவன் வரவில்லை என்றால் கார் வரவில்லை என்று பொருள். பூத்த கொன்றைதான் பொய் சொல்கிறது. இருத்தல் என்ற சொல்லின் உட்பொருள் இந்த ஓரடியில் முழுமையாக இருக்கிறது. அவன் சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்டு, குறித்த பருவம் வரை ஆற்றியிருப்பதே முல்லையின் ஒழுக்கம். எனவே அ–4. இதைப் பாடியவர் ஓதலாந்தையார் என்பதையும் கவனியுங்கள். ஐங்குறுநூற்றில் பாலை நூறு பாடல்களைப் பாடியவர் அவர் என்று படித்திருப்பீர்கள். புலவர் பெயரைக் கண்டவுடனே பாலை என்று எழுதுபவர் இந்த இடத்தில் தவறுவார். புலவருக்குத் திணையை ஒட்டிவைத்துப் படிப்பது ஐங்குறுநூறு, கலித்தொகை பற்றிய நேரடி வினாக்களுக்கு மட்டுமே உதவும்.

இரண்டாவது 135ஆம் பாடல். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. ‘வினையே ஆடவர்க்கு உயிரே, வாள்நுதல் மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்’ என்று முன்னொரு நாள் நமக்குச் சொன்னவரே அவர்தானே, அழாதே தோழி, அவர் பயணத்தைத் தவிர்த்துவிடுவார் என்பது பாடலின் கருத்து. இங்கே ‘மனையுறை மகளிர்’ என்ற தொடரைப் பார்த்து, வீட்டில் இருப்பது இருத்தல்தானே என்று முல்லையைத் தேர்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பாடலில் அவன் இன்னும் புறப்படவே இல்லை. செலவு என்றால் பயணம். அது நிகழப்போகிறது என்ற அச்சமே அழுகைக்குக் காரணம். பிரிவு நிகழும் முன் அதைச் சுற்றி எழும் பேச்சு பிரிதல் நிமித்தம். எனவே ஆ–2, திணை பாலை.

மூன்றாவது 97ஆம் பாடல். நான்கே அடிகள் கொண்டது.

யானே ஈண்டை யேனே என்நலனே
ஆனா நோயொடு கானல் அஃதே
துறைவன் தம்மூ ரானே
மறைஅலர் ஆகி மன்றத் தஃதே

நான் இங்கே இருக்கிறேன். என் அழகு தீராத நோயோடு கடற்கரைச் சோலையில் கிடக்கிறது. துறைவன் தன் ஊரில் இருக்கிறான். எங்கள் மறைவான செய்தி ஊர்ப்பேச்சாகி மன்றத்தில் நிற்கிறது. ஒருத்தியின் வாழ்க்கை நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதை நான்கு அடிகள் சொல்கின்றன. குறித்த பருவம் என்று எதையும் அவள் பற்றிக்கொள்ளவில்லை, அவன் சொல்லை எடுத்துக்காட்டவும் இல்லை. இழந்ததை மட்டுமே எண்ணுகிறாள். இது இரங்கல். கானலும் துறைவனும் அதற்குத் துணை நிற்கின்றன. எனவே இ–3, நெய்தல்.

நான்காவது 8ஆம் பாடல். ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்திலிருந்து முதிர்ந்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரை உடையவன், எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டு, தன் வீட்டுக்குப் போனதும், கையையும் காலையும் தூக்கத் தூக்கும் கண்ணாடிப் பாவைபோலத் தன் புதல்வனின் தாய்க்கு அவள் விரும்பியவற்றைச் செய்கிறான் என்பது பாடல். பேசுபவள் மனைவி அல்லள், காதற்பரத்தை. ஊடும் தலைவி பாட்டில் வாய் திறக்கவே இல்லை. ஆனாலும் தலைவனின் பரத்தமையும் அதனால் இரு வீடுகளுக்கிடையே எழும் பிணக்குமே பேச்சின் பொருள். ஆகவே ஊடல் நிமித்தம், ஈ–1, மருதம்.

இந்த நான்கையும் பார்த்தபின், உங்களைக் குழப்பும் மூன்று திணைகளைப் பிரித்தறிவது எளிதாகும். முல்லை, பாலை, நெய்தல் மூன்றிலும் தலைவன் அருகில் இல்லை, அல்லது அகலப் போகிறான். ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான். அது உங்கள் குறை அன்று. பாடலை வாசித்ததும் ‘பேசுபவர் எதைப் பற்றிக்கொண்டு பேசுகிறார்?’ என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவன் குறித்துச் சென்ற பருவத்தையும் அவன் சொன்ன சொல்லையும் பற்றிக்கொண்டு ஆற்றியிருந்தால், அல்லது ஆற்றியிருக்கும்படி தேற்றப்பட்டால், முல்லை. வினை முடித்துத் தேரில் விரைந்து வரும் தலைவன் பாகனிடம் பேசும் பாடல்களும் பெரும்பாலும் இந்த ஒழுக்கத்தைச் சார்ந்தவை. பிரிவு என்ற நிகழ்ச்சியையே, அதாவது போவதை, போகாமல் தடுப்பதை, போகும் வழியின் கொடுமையை, போனதால் உடம்பும் உயிரும் படும் பாட்டைப் பற்றிப் பேசினால் பாலை. உடன்போக்கும் பாலையிலே அடங்கும்; அங்கே பிரிவது பெற்ற தாயை. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் கடற்கரையில் நின்று புலம்பினால் நெய்தல்.

ஒரு நேர்மையான எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். பாலைப் பாடல்களில் பலவற்றிலும் இரங்கும் குரல் கேட்கும். உணர்வை மட்டும் வைத்துப் பாலையையும் நெய்தலையும் எப்போதும் பிரிக்க முடியாது. அத்தகைய இடத்தில் கடல், கானல், கழி, துறைவன், சேர்ப்பன் என்ற சான்றுகளில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலைக்கு அப்படிப்பட்ட தனிநிலம் தொல்காப்பியத்தில் கொடுக்கப்படவில்லை; ‘நடுவண் ஐந்திணை நடுவணது ஒழிய’ என்று சொல்லித்தான் உலகத்தை நான்கு நிலமாக அவர் பகுக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைப் பின்னாளில் நாம் வறண்ட நிலம் என்று அட்டவணையில் எழுதிக்கொண்டோம். தனிநிலம் இல்லாததால் பாலை எந்த நிலத்திலும் நிகழும். நெய்தலுக்கோ கடற்கரை வேண்டும்.

இதே காரணத்தால், கருப்பொருளைக் கண்டவுடன் விடையைக் குறிப்பது ஆபத்தானது. வெள்ளிவீதியார் பாடிய 27ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம்.

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்லான் தீம்பால் நிலத்துக் காஅங்கு

நல்ல பசுவின் இனிய பால் கன்றுக்கும் கிடைக்காமல், கறக்கும் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தி வீணாவதுபோல, என் மாமை அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்கிறாள் தலைவி. ஆன், கன்று, பால், கலம் எல்லாம் ஆயர் வாழ்வின் பொருள்கள். கருப்பொருள் பட்டியலை மட்டும் படித்தவர் முல்லை என்றே எழுதுவார். ஆனால் இவை உவமையில் வந்தவை. அவள் வாழும் நிலத்தை இவை காட்டவில்லை. பருவம் பற்றியோ அவன் சொல் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பிரிவு உடம்பை வீணாக்குவதே பேச்சு முழுவதும். திணை பாலை.

இதற்கு நேர் எதிரானது 66ஆம் பாடல். ‘மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை, கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய பருவம் வாரா அளவை’ என்று தொடங்குகிறது. ‘கல்பிறங்கு அத்தம்’ கற்கள் நிறைந்த சுரவழி. அத்தம் என்ற சொல் பாலைப் பாடல்களில் மிகுதியாகப் பயில்வது. அந்தச் சொல்லில் கண் நின்றுவிட்டால் விடை பாலை ஆகிவிடும். ஆனால் தோழி சொல்வது என்ன? அந்த வழியில் சென்றவர் குறித்த பருவம் இன்னும் வரவில்லை. காலமல்லாத காலத்தில் பெய்த புதுமழையைக் கார் என்று தவறாக எண்ணி இந்தக் கொன்றை மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன, நீ கலங்காதே என்கிறாள். சுரம் அவன் போன வழியைச் சொல்லும் அடைமொழியாக மட்டும் வந்திருக்கிறது. தேற்றமும் பருவமுமே பாடலைத் தாங்குவதால் இது முல்லை. முதலில் பார்த்த 21ஆம் பாடலில் தலைவியே ‘கொன்றை சொல்வதை நம்பேன்’ என்றாள். இங்கே தோழி ‘கொன்றைக்கு அறிவில்லை’ என்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இருத்தல் என்பது எத்தகைய மனநிலை என்று மறக்கவே மறக்காது.

நிலத்தையும் பொழுதையும் நம்பித் தவறும் இடத்துக்குச் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று முடியும் 40ஆம் பாடலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தமிழ் படித்த எல்லாருக்கும் இந்த அடி தெரியும். இதன் திணையைக் கேட்டால் தயங்குவோர் பலர். செம்மண் இருக்கிறது, மழை இருக்கிறது, ஆகவே முல்லை நிலமும் கார்காலமும் என்று எண்ணத் தோன்றும். பாடலில் மலை இல்லை, குறிஞ்சிப்பூ இல்லை, யாமம் இல்லை, முருகன் இல்லை. இருந்தும் திணை குறிஞ்சி. முன்பின் அறியாத இருவர் உள்ளம் ஒன்றாகக் கலந்ததைத் தலைவன் சொல்கிறான், அது புணர்தல். கூடியபின் இவன் நம்மைப் பிரிவானோ என்று அஞ்சிய தலைவியின் முகம் பார்த்து அவன் சொன்னதாகப் பாடலின் பழைய குறிப்பு கூறுகிறது. அந்தக் குறிப்பில் பிரிவு என்ற சொல் இருப்பதால் சிலர் பாலைக்கும் போய்விடுகிறார்கள். அச்சம் பிரிவைப் பற்றியது என்றாலும் அவன் பேச்சு கூட்டத்தை உறுதிசெய்யும் பேச்சு என்பதை விடக்கூடாது.

நீண்ட பாட்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். பட்டினப்பாலையின் 301 அடிகளில் பெரும்பகுதி காவிரியும் சோழநாட்டு வயல்களும் புகார்க் கடற்கரையும் கப்பல் வாணிகமும்தான். நிலத்தை வைத்துச் சொன்னால் மருதமும் நெய்தலும் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பெயரிலேயே பாலை இருக்கிறது. காரணம் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: ‘முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும் வாரிருங் கூந்தல் வயங்கிழை ஒழிய வாரேன் வாழிய நெஞ்சே.’ இத்தனை வளமுள்ள பட்டினத்தையே பெற்றாலும் இவளை விட்டு வரமாட்டேன், நெஞ்சே என்று தலைவன் பயணத்தைத் தவிர்க்கிறான். இது செலவழுங்குதல், அதாவது பிரிதல் நிமித்தம். முந்நூறு அடிகளின் திணையை இந்தச் சில சொற்கள் தீர்மானிக்கின்றன. கூற்று–காரணம் வகை வினாவில் ‘பட்டினப்பாலை பாலைத் திணைக்குரியது, ஏனெனில் அது வறண்ட நிலத்தை வருணிக்கிறது’ என்று கொடுத்தால், கூற்று சரி, காரணம் தவறு என்று விடையளிக்க இப்போது உங்களால் முடியும்.

இவ்வாறு ஒரு திணையின் கருப்பொருள் வேறு திணையில் வருவதைத் தொல்காப்பியர் குற்றமாகக் கருதவில்லை. ‘திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே’ என்று அனுமதிக்கிறார். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கே பயன்படும் என்றும் தனி நூற்பா வைக்கிறார். எனவே பாடலில் ஒரு பொருள் இடம் மாறி நிற்பதைக் கண்டால் புலவர் தவறினார் என்றோ நீங்கள் படித்த அட்டவணை தவறு என்றோ எண்ண வேண்டாம்.

அகநானூற்றுப் பாடல் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் விடையைச் சரிபார்க்கத் தனி வழி ஒன்று உண்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. எண் 2 அல்லது 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 என்று முடிந்தால் முல்லை. 6 என்று முடிந்தால் மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்கானால் நெய்தல். 400 பாடல்களில் 200 பாலை, 80 குறிஞ்சி, மற்ற மூன்றும் 40 வீதம் அமைவது இதனால்தான். குறுந்தொகைக்கும் நற்றிணைக்கும் இத்தகைய எண்ணமைப்பு இல்லை. அங்கே பாடலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, உரிப்பொருளை மட்டும் பார்த்தாலும் அச்சிட்ட நூலின் திணைக்குறிப்போடு முரண்படும் பாடல்கள் சில இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அம்மூவனாரின் 49ஆம் பாடல் அப்படிப்பட்டது. அணிற்பல் போன்ற முள்ளையுடைய முண்டகமும், நீலமணி நிறத்துக் கடலும் உள்ள சேர்ப்பனே, இப்பிறவி மாறி மறுபிறவி வந்தாலும் நீயே என் கணவன் ஆகவேண்டும், நானே உன் நெஞ்சுக்கு ஒத்தவள் ஆகவேண்டும் என்கிறாள் தலைவி. பரத்தையிடம் பிரிந்து திரும்பிய தலைவனைக் கண்டு, துயர் தணிந்த நிலையில் அவள் சொன்னதாகப் பழைய குறிப்பு தருகிறது. பரத்தையிற் பிரிவு மருதத்தின் சூழல்; ‘நின் நெஞ்சு நேர்பவள்’ என்ற சொல்லிலும் இப்போது உன் நெஞ்சில் வேறொருத்தி இருக்கிறாள் என்ற குறிப்பு உறைந்திருக்கிறது. ஆனால் நூலில் திணை நெய்தல் என்றே உள்ளது; சேர்ப்பன், முண்டகம், கடல் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு வகுத்திருக்கிறார்கள். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் வினாவில் நெய்தல் என்றே குறியுங்கள். விடைக்குறிப்பு நூலின் திணையைத்தான் பின்பற்றும். விரித்து எழுதும் வினாவாக இருந்தால், திணை நெய்தல் என்று தொடங்கி, நிலத்தாலும் கருப்பொருளாலும் நெய்தல், ஒழுக்கத்தால் மருதத்தைச் சார்ந்து வருகிறது, இது திணைமயக்கம் என்று காரணத்தோடு எழுதுங்கள். ‘சேர்ப்ப’ என்ற விளியையும் ‘நின் நெஞ்சு நேர்பவளே’ என்ற ஈற்றடியையும் அந்த இரண்டு காரணங்களுக்கும் சான்றாக எடுத்துக்காட்டினால் திருத்துபவருக்கு ஐயம் எழாது.